கப்பல் வந்தபின் காகிதம் கேட்பது

திருப்பூரில் பனியன் தைக்கும் சிறு ஆலைகளின் உரிமையாளர்களுக்கு,

நான் தூத்துக்குடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிளியரிங் வேலை பார்த்துவருகிறேன். ஜிப், பட்டன், எலாஸ்டிக், லேபிள் என்று தையல் கூடத்துக்கு வேண்டிய சாமான்களை டீலரிடம் வாங்கிக்கொண்டிருந்த உங்களில் பலர், இப்போது சீனாவிலிருந்து நேரடியாக வரவழைக்கிறீர்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தை முடிந்து மாசி பிறக்கும் வேளையில் ஆண்டுதோறும் என் அலுவலகத்துக்கு வருகிற சிலரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அவர்களுடைய சரக்கு துறைமுகத்தில் இறங்கியிருக்கும். பில் ஆஃப் லேடிங் வந்திருக்காது, பேக்கிங் லிஸ்டும் வந்திருக்காது. கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "டாக்குமென்ட் அனுப்பச் சொல்லிட்டேனுங்க, இன்னும் வரலைங்க."

சிக்கல் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. "டாக்குமென்ட் அனுப்புங்கள்" என்று கேட்டால் அனுப்புகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. பில் ஆஃப் லேடிங்கும் பேக்கிங் லிஸ்டும் வேறு வேறு தாள்கள். அவை இருக்கும் இடமும் வேறு, அவை இல்லாவிட்டால் நம்மை நிறுத்துகிறவர்களும் வேறு. இதைப் பிரித்துப் பார்த்துக் கேட்டால் பாதி நாள் மிச்சமாகும். 2025 பிப்ரவரியில் என் கைக்கு வந்த ஒரு சரக்கின் கதையை அப்படியே சொல்கிறேன். அதை வரவழைத்த தம்பி தன் பெயர் வேண்டாம் என்றார். சீனாவிலிருந்து அனுப்பியவர் பெயரும் வேண்டாம்.

அது ஓர் இருபது அடி கண்டெய்னர். நிங்போவில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, தூத்துக்குடிக்கு வரவேண்டியது. உள்ளே ஜிப்பும் பட்டனும் எலாஸ்டிக்கும் கலந்து 412 அட்டைப்பெட்டிகள். முப்பது சதவீதம் முன்பணம், மீதி எழுபது பி.எல். நகலைப் பார்த்த பிறகு என்று பேச்சு. ஜனவரி 20-ஆம் தேதி கப்பல் கிளம்பியது. நகல் வாட்ஸ்அப்பில் வந்தது. அதுவும் மேல்பாதி மட்டும் தெரிகிற ஒரு புகைப்படம். தம்பி 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மீதிப் பணத்தை வங்கியில் கட்டினார். அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு ஜனவரி 29. அரசு விடுமுறை 28-ஆம் தேதியிலிருந்து பிப்ரவரி 4 வரை. பல ஆலைகளில் தொழிலாளர்கள் ஊருக்குப் போய், விளக்குத் திருவிழா முடிகிற வரை, அதாவது பிப்ரவரி 12 வரை, திரும்புவதில்லை. பணம் அந்தக் கணக்கில் விழும்போது அதைப் பார்த்து அடுத்த வேலையைச் செய்ய அலுவலகத்தில் ஆளில்லை. கப்பலுக்கு விடுமுறை கிடையாது. பிப்ரவரி 8, சனிக்கிழமை, கண்டெய்னர் இங்கே இறங்கிவிட்டது.

தம்பி திங்கட்கிழமை காலை என்னிடம் வந்தார். "கப்பல் வந்துருச்சுங்க அண்ணா, மெயில் போட்டா ஆட்டோ ரிப்ளை வருதுங்க" என்றார். நான் முதலில் அவரிடம் கேட்டது அந்த வாட்ஸ்அப் படத்தைத்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் எந்தத் தாள் எந்தக் கதவைத் திறக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பேக்கிங் லிஸ்ட் கஸ்டம்ஸின் கதவைத் திறக்கிறது. எந்தப் பெட்டியில் என்ன, எத்தனை, நிகர எடை எவ்வளவு, மொத்த எடை எவ்வளவு, பெட்டியின் மேல் என்ன குறி என்று சொல்கிற தாள் அது. உங்கள் சரக்கில் இது சாதாரண விஷயம் இல்லை. ஜிப்புக்குக் கஸ்டம்ஸ் அட்டவணையில் தலைப்பு எண் 9607, பட்டனுக்கு 9606, எலாஸ்டிக் நாடாவுக்கு 5806. ஒவ்வொன்றுக்கும் தனி வரியில் கணக்குக் காட்ட வேண்டும். அதிகாரி பெட்டிகளில் சிலவற்றை மட்டும் திறந்து பார்க்க நினைத்தாலும், எந்தப் பெட்டியைத் திறந்தால் எலாஸ்டிக் இருக்கும் என்று அவருக்குச் சொல்ல அந்தத் தாள் வேண்டும். அது இல்லை என்றால் கண்டெய்னரை முழுக்க இறக்கி, நூற்றுக்கு நூறு பெட்டிகளையும் திறக்கச் சொல்லலாம். இறக்குகிற கூலி, மறுபடி அடுக்குகிற கூலி, போகிற நாள் எல்லாம் உங்கள் கணக்கு.

பில் ஆஃப் லேடிங்கோ கப்பல் கம்பெனியின் கதவைத் திறக்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது, ஏற்றிச் செல்வதற்கு ஒப்பந்தம், இவை இரண்டுக்கும் மேல் அந்தச் சரக்கு யாருக்கு உரியது என்று காட்டுகிற பத்திரம். பொதுவாக மூன்று அசல்கள் அச்சிடுவார்கள். ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. அசல் கையில் வராமல் சரக்கை விட்டுவிட்டு, நாளை வேறொருவர் அசலோடு வந்து நின்றால், கப்பல் கம்பெனி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டிவரும். அவர்கள் பிடிவாதமாக இருப்பது அதனால்தான், உங்கள்மேல் கோபத்தால் இல்லை. இந்தப் பத்திரத்துக்கென்று நம் நாட்டில் 1856-லேயே ஒரு சட்டம் வந்தது. 2025-ல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேறியிருக்கிறது.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கஸ்டம்ஸில் பில் ஆஃப் என்ட்ரி போட பி.எல். அசல் தேவையில்லை. பி.எல். எண்ணும் தேதியும், தெளிவான ஒரு நகலும், இன்வாய்ஸும், பேக்கிங் லிஸ்டும் இருந்தால் போதும். அசலோ, அசலுக்கு ஈடான விடுவிப்புச் செய்தியோ தேவைப்படுவது கப்பல் கம்பெனியிடம் டெலிவரி ஆர்டர் வாங்கும்போதுதான். ஆகவே அசலுக்காகக் காத்திருந்து கஸ்டம்ஸ் வேலையை நிறுத்தி வைக்காதீர்கள். சட்டப்படி கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டிருக்க வேண்டும். விடுமுறை நாளும் கணக்கில் சேரும். சுங்கச் சட்டம் 46-ஆம் பிரிவில் 2021-ல் செய்த திருத்தம் இது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தது என்று அதிகாரி ஏற்றுக்கொள்ளாவிட்டால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். கப்பல் வருவதற்கு முப்பது நாள் முன்பே போட அனுமதி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தம்பிக்கு ஜனவரி 20-லிருந்தே நேரம் இருந்தது.

இப்போது அந்த வாட்ஸ்அப் படம். முழுப் பக்கம் இல்லாவிட்டாலும் அதில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. தலைப்பில் இருந்தது கப்பல் கம்பெனியின் பெயர் இல்லை, நிங்போவில் உள்ள ஒரு ஃபார்வர்டரின் பெயர். அதாவது அது ஹவுஸ் பி.எல். அதிலுள்ள பி.எல். எண்ணைக் கப்பல் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. கண்டெய்னர் எண்ணைப் போட்டதும் வந்துவிட்டது. ஹவுஸ் பி.எல். என்று கண்டுகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. மூன்றாவது, ஓரமாக ஒரு சிறு கட்டம்: டெலிவரிக்கு யாரை அணுக வேண்டும் என்று அதில் இருக்கும். தூத்துக்குடியிலேயே உள்ள ஓர் ஏஜெண்டின் பெயரும் எண்ணும் அதில் இருந்தன. தம்பி அதுவரை அந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை. பத்து நாளாகச் சீனாவுக்கு மெயில் போட்டுக்கொண்டிருந்தவர், இங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் பேசவில்லை.

ஹவுஸ் பி.எல். என்றால் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. உங்கள் ஏற்றுமதியாளருக்கு ஃபார்வர்டர் கொடுத்தது ஹவுஸ் பி.எல். ஃபார்வர்டருக்குக் கப்பல் கம்பெனி கொடுத்தது மாஸ்டர் பி.எல். அந்த மாஸ்டரில் சரக்கைப் பெறுபவர் இடத்தில் உங்கள் பெயர் இருக்காது, இங்கே உள்ள ஃபார்வர்டரின் ஏஜெண்ட் பெயர் இருக்கும். கப்பல் கம்பெனி அந்த ஏஜெண்டுக்கு விட வேண்டும், ஏஜெண்ட் உங்களுக்கு விட வேண்டும். ஓர் அடுக்கு திறந்து மற்றது திறக்காமல் இருந்தால் சரக்கு அசையாது.

தம்பிக்கு அசல் மூன்றும் அச்சாகியிருந்தன. அவை ஏற்றுமதியாளரின் பூட்டிய மேசையில் கிடந்தன. புத்தாண்டு விடுமுறையில் அவற்றை எடுத்துக் கூரியரில் போட்டு, அது இங்கே வந்து சேர ஐந்தாறு நாள் ஆகும் என்றால் அந்த வழியே வேண்டாம். மாற்று வழி சரண்டர். ஏற்றுமதியாளர் அசல் மூன்றையும் ஏற்றிய ஊரிலேயே ஃபார்வர்டரிடம் ஒப்படைப்பார். ஃபார்வர்டர் இங்குள்ள தன் ஏஜெண்டுக்கு, அசல் கேட்காமல் சரக்கை விடலாம் என்று செய்தி அனுப்புவார். அதைத்தான் டெலக்ஸ் ரிலீஸ் என்கிறோம். டெலக்ஸ் எந்திரம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. இதற்கு ஒரு சிறு கட்டணம் உண்டு, அதை அனுப்பும் பக்கத்தில் கட்டுவார்கள். அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற பேச்சிலேயே இரண்டு நாள் போன சரக்குகளைப் பார்த்திருக்கிறேன். "நான் தருகிறேன், அடுத்த பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

எல்லார் கதையும் இதுவாக இருக்காது. சரக்கின் தாள்கள் வங்கி வழியாக வரும் ஏற்பாடு என்றால், ஏற்றுமதியாளரைத் திட்டிப் பயனில்லை. அவர் தன் வங்கியில் கொடுத்திருப்பார், அது உங்கள் வங்கிக்கு வந்து, நீங்கள் பணம் கட்டவோ ஏற்பு எழுதவோ காத்துக்கொண்டிருக்கும். முதலில் உங்கள் கிளையில் கேளுங்கள். தாள் வழியில் இருக்கிறது, கப்பல் முந்திவிட்டது என்றால் வங்கியே கப்பல் கம்பெனிக்கு ஷிப்பிங் கியாரண்டி எழுதித் தரும் வழி உண்டு. அசல் உண்மையிலேயே தொலைந்துவிட்டால்தான் பெரும் பாடு. சரக்கு மதிப்பைப் போல் ஒன்றரை, இரண்டு மடங்குக்கு வங்கி உறுதி கேட்பார்கள், அது ஓராண்டுக்கு மேலும் முடங்கிக் கிடக்கும். சிறு ஆலைக்கு அது தாங்காது. ஆகவே கூரியர் எண்ணைக் கேட்டு வாங்காமல் "அனுப்பிவிட்டேன்" என்ற சொல்லை நம்ப வேண்டாம்.

தம்பியின் கதைக்குத் திரும்புகிறேன். திங்கட்கிழமை பகலில் அவர் ஏற்றுமதியாளருக்குப் போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. நம் கடிகாரத்தைவிடச் சீனாவின் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நாம் பத்து மணிக்குக் கடை திறந்து கூப்பிடும்போது அங்கே பன்னிரண்டரை. சாப்பிட்டுவிட்டு மேசையிலேயே கண் மூடுகிற நேரம். நாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றரைக்குக் கூப்பிட்டால் அங்கே மாலை ஆறு. காலை ஆறே முக்காலுக்கு எழுந்து கூப்பிடுங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை, விற்பனையில் இருக்கும் ஒரு பெண் வீசாட்டில் பதில் கொடுத்தார். அவர் ஊரிலிருந்து இன்னும் திரும்பவில்லை, ஆனால் போனில் இருந்தார். அது போதும்.

அவருக்கு அனுப்ப நாங்கள் எழுதிய கடிதத்தைக் கீழே தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போதும் இந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

"எங்கள் ஆர்டர் எண் இது, கண்டெய்னர் எண் இது, ஹவுஸ் பி.எல். எண் இது. கண்டெய்னர் பிப்ரவரி 8 அன்று தூத்துக்குடியில் இறங்கிவிட்டது. மீதிப் பணம் ஜனவரி 24 அன்று கட்டினோம், வங்கிச் சீட்டு இணைத்திருக்கிறோம். இன்று எங்களுக்கு இரண்டு மட்டும் வேண்டும்: பெட்டிவாரியான பேக்கிங் லிஸ்ட், எக்செல்லிலும், முத்திரையும் கையெழுத்தும் வைத்த பி.டி.எஃப்.பிலும்; பி.எல்.லின் முன்பக்கம் முழுதாகத் தெரியும் நகல். நாளை எங்களுக்கு வேண்டியது: அசல் மூன்றையும் உங்கள் ஃபார்வர்டரிடம் ஒப்படைத்து, ஹவுஸும் மாஸ்டரும் இரண்டும் விடுவிக்கப்பட்டதாக அவர் எழுதும் செய்தி. விடுவிப்புக் கட்டணத்தை நாங்கள் ஏற்கிறோம். நீங்கள் அலுவலகத்தில் இல்லை என்றால், அசல் எங்கே இருக்கிறது, யாரால் எடுக்க முடியும் என்று மட்டும் இப்போதே சொல்லுங்கள்."

இதில் கோபம் ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தப் பெண் இந்தக் கடிதத்தை அப்படியே தன் கணக்காளருக்கும், கிடங்குக்காரருக்கும், ஃபார்வர்டருக்கும் தள்ளிவிட முடிய வேண்டும். திட்டி எழுதிய கடிதத்தை யாரும் அடுத்தவருக்குத் தள்ள மாட்டார்கள். பணம் கட்டிய சீட்டை இணைத்ததும் முக்கியம். மீதிப் பணம் வராத வரை அசலை விடாமல் வைத்திருப்பது அவர்கள் உரிமை. பணம் வந்ததா என்று தெரியாத நிலையில் எந்தக் கணக்காளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

ஃபார்வர்டருக்கு நாமே நேராக எழுதினால் ஆகாதா என்று தம்பி கேட்டார். எழுதலாம், ஆனால் அவர் அசைய மாட்டார். அவருக்குப் பி.எல். விஷயத்தில் உத்தரவு கொடுக்க வேண்டியவர் சரக்கை ஏற்றியவர். ஆகவே ஏற்றியவரிடமிருந்து ஒரு வரி மெயில் வாங்கித் தர வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவ்வளவு காலையில் கூப்பிட்டது.

பேக்கிங் லிஸ்ட் அன்று காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. அலுவலகக் கணினியில் தேட வேண்டியிருக்கவில்லை, கிடங்குக்காரரின் போனில் இருந்தது. தம்பி முகத்தில் வெளிச்சம். நான் கடைசி வரியைப் பார்த்தேன். 416 பெட்டிகள் என்றிருந்தது. பி.எல்.லில் 412. கப்பல் கம்பெனி கஸ்டம்ஸுக்குக் கொடுத்த சரக்குப் பட்டியலிலும் 412.

வரவேண்டிய தாள் வந்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த ஒப்பீடுதான்: மொத்தப் பெட்டிகள், மொத்த எடை, பெட்டியின் குறி. பி.எல்., இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் மூன்றிலும் இவை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாமல் உள்ளே நுழைந்தால், அதிகம் இருந்தால் அறிவிக்காத சரக்கு, குறைவாக இருந்தால் எங்கே போனது என்ற கேள்வி. தவறு பி.எல்.லில் இருந்தால் அதைத் திருத்தி, கப்பல் கம்பெனியின் சரக்குப் பட்டியலையும் கஸ்டம்ஸ் அனுமதியோடு திருத்த வேண்டும். அது நாள்கணக்கில் ஆகிற வேலை. தவறு பேக்கிங் லிஸ்டில் இருந்தால் அரை நாளில் முடியும். எனவே எந்தத் தாளில் தவறு என்று தெரிந்துகொள்ளாமல் ஓர் எண்ணையும் தொடக் கூடாது.

வீசாட்டில் கேட்டோம். அந்தப் பெண் முதலில் சொன்ன பதில்: "எக்செல் இருக்கிறதே, நீங்களே 412 என்று மாற்றிக்கொள்ளுங்கள்." இதைச் சொல்லாத ஏற்றுமதியாளரை நான் கண்டதில்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். எந்த நான்கு பெட்டியை எடுப்பீர்கள்? ஜிப்பையா, பட்டனையா? ஊகித்து எடுத்தது தப்பாகி, திறந்து பார்க்கும்போது வேறாக இருந்தால், பொய்த் தாள் என்று தெரிந்தே கொடுத்ததாக ஆகும். சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவில் அதற்குச் சரக்கு மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை தண்டம் விதிக்க இடமிருக்கிறது. மற்றவர் தயாரிக்க வேண்டிய தாளை நம் கணினியில் தயாரித்துவிட்டு, முத்திரையை வெட்டி ஒட்டுகிறவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். அப்படி ஒரு தாள் என் மேசைக்கு வந்தால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

கிடங்குக்காரரிடம் கேட்டதில் விஷயம் தெரிந்தது. அந்தப் பட்டியல் ஆர்டர் பிடித்தபோது போட்டது. லேபிள் நான்கு பெட்டி விடுமுறைக்கு முன் தயாராகவில்லை, ஏற்றவே இல்லை. அப்படியென்றால் இன்வாய்ஸும் தவறு, வராத நான்கு பெட்டிக்கு அதில் பணம் சேர்ந்திருக்கிறது. திருத்திய இன்வாய்ஸ், திருத்திய பேக்கிங் லிஸ்ட் இரண்டும் முத்திரையோடு நம் நேரம் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தன. அன்று மாலையே பில் ஆஃப் என்ட்ரி போட்டோம். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என நான்கு நாள் தாமதம். தம்பி கட்டியது 25,000 ரூபாய். பணம் கட்டியும் வராத அந்த நான்கு பெட்டிக்கான தொகையை அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்வதாக எழுத்தில் வாங்கினோம். பேக்கிங் லிஸ்டைக் கப்பல் ஏறிய அன்றே கேட்டிருந்தால் இது ஜனவரி 21-லேயே தெரிந்திருக்கும்.

பேக்கிங் லிஸ்ட் அன்றும் வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்பீர்கள். அதே 46-ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. முழு விவரம் கையில் இல்லாததால் பில் ஆஃப் என்ட்ரியை முழுமையாகப் போட முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தால், அதிகாரி முன்னிலையில் சரக்கைத் திறந்து பார்க்க அனுமதி பெறலாம். எங்கள் பேச்சில் இது ஃபர்ஸ்ட் செக். பெட்டி பெட்டியாகத் திறந்து எண்ணிப் பட்டியல் எடுத்து, அதன்மேல் வரி போடுவார்கள். செலவும் நாளும் ஆகும், ஆனால் நேர்மையான வழி. ஏற்றுமதியாளர் தொடர்பிலேயே இல்லை என்றால் ஒரு வாரம் காத்திருப்பதைவிட இது நல்லது. ஏனென்றால் இறங்கிய முப்பது நாளுக்குள் எடுக்காத சரக்கை, அறிவிப்புக் கொடுத்து விற்க 48-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

கஸ்டம்ஸ் கதவு இப்படித் திறந்தது. கப்பல் கதவுக்கு இன்னும் மூன்று நாள் ஆனது. புதன்கிழமை, விளக்குத் திருவிழா அன்று, அந்தப் பெண்ணின் சொல்லைக் கேட்டு ஒருவர் அலுவலகத்தைத் திறந்து அசலை எடுத்து ஃபார்வர்டரிடம் கொடுத்தார். மாலையில் விடுவிப்புச் செய்தியின் நகல் வந்தது. தம்பி அதை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை இங்குள்ள ஏஜெண்டிடம் போனார். வெறும் கையோடு திரும்பி வந்தார். ஹவுஸ் திறந்துவிட்டது, மாஸ்டர் திறக்கவில்லை. நிங்போ ஃபார்வர்டர் கப்பல் கம்பெனிக்குத் தன் வாடகைப் பாக்கியைக் கட்டாமல் வைத்திருந்தார். அதனால் கம்பெனி விடவில்லை. இது ஏற்றுமதியாளருக்கே தெரியாது. நாங்கள் முதல் கடிதத்தில் "இரண்டும்" என்று எழுதியிருந்தோம், ஆனால் வந்த செய்தியில் இரண்டும் இருக்கின்றனவா என்று நானும் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதன்பின் ஏற்றுமதியாளர் ஃபார்வர்டரை நெருக்க, வெள்ளிக்கிழமை மதியம் மாஸ்டரும் விடுபட்டது. அன்று மாலை டெலிவரி ஆர்டர், சனிக்கிழமை கண்டெய்னர் வெளியே. கப்பல் கம்பெனி இலவசமாகக் கொடுத்த ஏழு நாள் அதற்குள் முடிந்திருந்தது. திருப்பூர் போய் இறக்கிவிட்டுக் காலிப் பெட்டி திரும்பும் வரை டிடென்ஷன் ஓடியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படித் தவித்துக்கொண்டிருக்கும் நாட்களில்தான் மோசடி மெயில்கள் வரும். ஏற்றுமதியாளரின் முகவரியைப் போலவே, ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து: "அசலை விடுவிக்க இந்தப் புதுக் கணக்கில் பணம் கட்டுங்கள்." அவசரத்தில் இருப்பவர் கட்டிவிடுவார். வங்கிக் கணக்கு மாறியதாக எந்தத் தாள் வந்தாலும், உங்களிடம் முன்பே உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு, குரல் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

அடுத்த ஆர்டருக்கு ஏற்பாடு எளிது. உங்கள் சரக்குக்கு வங்கிக் கடன் எதுவும் இல்லை, பணமும் முன்னதாகவே கட்டப்போகிறீர்கள் என்றால் மூன்று அசல் அச்சிடவே வேண்டாம். அசல் தேவைப்படாத சீ வேபில் கேளுங்கள், அல்லது பணம் சேர்ந்த அன்றே சரண்டர் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். பி.எல். அச்சாகும் முன் வரைவு வரும். அதைப் பேக்கிங் லிஸ்டோடு ஒப்பிட்ட பிறகே சரி சொல்லுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஏறுகிற சரக்கு என்றால், மீதிப் பணம் அவர்கள் கடை மூடுவதற்கு ஒரு வாரம் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முடியாது என்றால் அந்தக் கப்பலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு வாரம் தாமதமாக வரும் சரக்கு, துறைமுகத்தில் கட்டணம் ஏறிக்கொண்டே கிடக்கும் சரக்கைவிட மலிவு.

இந்த மாதம் உங்களில் யாருக்காவது சரக்குக் கடலில் இருந்தால், இந்த மடலை மூடியதும் பி.எல். நகலை எடுத்து, டெலிவரிக்கு யாரை அணுக வேண்டும் என்ற அந்தக் கட்டத்தைப் பாருங்கள். அதிலுள்ள எண்ணுக்கு இன்றே கூப்பிட்டு, ஹவுஸ், மாஸ்டர் இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேளுங்கள்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து ஒரு கிளியரிங் ஏஜெண்ட்